திரும்பி வந்த கிரைண்டரும் கையில் நின்ற ஐந்நூறு ரூபாயும்

கோயம்புத்தூரில் டேபிள் டாப் கிரைண்டர் செய்து இணையத்தில் விற்கும் ஒரு சின்னக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு லிட்டர் கிரைண்டர் ஒன்றின் விலை 5,000 ரூபாய். இந்தக் கட்டுரை முழுக்க வரும் தொகைகள் ஜிஎஸ்டி சேராதவை. நிகர விற்பனையில் வரி சேராது, அதனால் அதை இப்போதே ஒதுக்கிவிடுவோம்.

ஒருவர் அந்தக் கிரைண்டரை வாங்கினார். பழுது ஒன்றும் இல்லை, ஆனால் சமையலறை மேடையில் இடம் போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். பெட்டி கிழிந்திருந்தது. கல்லைக் கழுவித் துடைத்து, மோட்டாரை ஓடவிட்டுப் பார்த்து, புது அட்டைப்பெட்டியில் போட்டால்தான் மறுபடி விற்க முடியும். கடையின் விதிப்படி இந்த வேலைக்குப் பத்து சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். 500 ரூபாயைக் கழித்து 4,500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிடித்த அந்த 500தான் ரீஸ்டாக்கிங் கட்டணம்.

இப்போது கேள்வி. இந்த ஆர்டரின் நிகர விற்பனை எவ்வளவு? பூஜ்யமா, 500-ஆ?

நிகர விற்பனைக்குப் பெரும்பாலான கடைகளும் கடைச் செயலிகளும் பயன்படுத்தும் சூத்திரம் எளிதானது:

```
net_sales = gross_sales - discounts - returns
```

மொத்த விற்பனையில் தள்ளுபடியையும் திரும்பி வந்ததையும் கழித்தால் நிகரம். குழப்பம் கடைசிச் சொல்லில் இருக்கிறது. `returns` என்பது திரும்பி வந்த பொருளின் விலையா, வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுத்த பணமா? கட்டணம் பிடிக்காத கடையில் இரண்டும் ஒரே தொகைதான், யாருக்கும் கவலையில்லை. கட்டணம் பிடிக்க ஆரம்பித்த அன்றே இரண்டும் பிரிந்துவிடும். நம் ஆர்டரில் திரும்பிய பொருள் 5,000, திருப்பிக் கொடுத்த பணம் 4,500.

திருப்பிக் கொடுத்த பணத்தை வைத்துக் கழித்தால் நிகர விற்பனை 500 என்று வரும். விற்ற கிரைண்டர் பூஜ்யம், விற்பனை மட்டும் 500! இப்படி மாதத்துக்குப் பத்து ஆர்டர் வந்தால் ஒரு கிரைண்டருக்குச் சராசரி விலை என்ன என்ற கணக்கு மெதுவாக மேலே ஏறும். விலையை யாரும் கூட்டியிருக்க மாட்டார்கள். நான் பரிந்துரைப்பது ஒரே ஆர்டருக்குள் மூன்று வரிகள்:

```
order  type    sku       qty  amount
1042   sale    GR2-RED    1    5000
1042   return  GR2-RED   -1   -5000
1042   fee     RESTOCK    0     500
```

இதில் பொருள் விற்பனையின் நிகரம் பூஜ்யம். கட்டணம் 500 தனி வரியில் நிற்கிறது. கூட்டினால் 500, கல்லாவில் இருப்பதும் 500. `fee` வரியில் `qty` பூஜ்யம் என்பதைக் கவனியுங்கள். அங்கே 1 என்று போட்டுவிட்டால் கடை ஏதோ ஒரு பொருளை 500 ரூபாய்க்கு விற்றது போல எண்ணிக்கைக் கணக்கில் ஏறிவிடும்.

"அப்படியானால் இந்த 500 விற்பனையே இல்லையா?" என்று கேட்பீர்கள். இங்கே இரண்டு கணக்குகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எந்தப் பொருள் எவ்வளவு போனது என்று கடைக்காரர் பார்க்கும் கணக்கு ஒன்று. ஆண்டு முடிவில் ஆடிட்டர் தயாரிக்கும் நிதி அறிக்கை இன்னொன்று. பெரிய நிறுவனங்களுக்கு இந்தியாவில் 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த் ஏஎஸ் 115 என்ற கணக்கியல் தரநிலை, உலகளவிலான ஐஎஃப்ஆர்எஸ் 15-ஐ ஒட்டியது. வாடிக்கையாளரிடமிருந்து எவ்வளவு தொகை நமக்கு உரியதாக நிற்கும் என்று எதிர்பார்க்கிறோமோ, அதுதான் வருவாய் என்பது அதன் அடிப்படை. திரும்பும் என்று எதிர்பார்க்கிற பொருளுக்கும் ஐந்நூறு நம்மிடமே நின்றுவிடும் என்றால், அது பரிவர்த்தனைத் தொகையின் ஒரு பகுதிதான். ஆகவே ஆடிட்டர் அதை வருவாயில் சேர்ப்பது தவறில்லை. கடைக்காரர் அதைப் பொருள் விற்பனையோடு கலக்காமல் வைப்பதும் தவறில்லை. தனி வரியாக வைத்திருந்தால் இருவருக்கும் வேண்டியது கிடைக்கும். கலந்துவிட்ட பிறகு பிரிக்க உட்கார்ந்தால் ஒவ்வொரு ஆர்டராகத் திறந்து பார்க்க வேண்டியதுதான். அந்த வேலையை நான் செய்திருக்கிறேன், யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

இந்த 500 லாபமும் இல்லை. புது அட்டைப்பெட்டி, சோதித்தவரின் கூலி எல்லாம் அதற்கு எதிரே செலவாக நிற்கும்.

கட்டணத்தில் அடிக்கடி நடக்கும் தவறு இரட்டைக் கணக்கு. ஒருவர் ரிட்டர்ன் வரியில் ஏற்கெனவே கட்டணம் கழித்த 4,500-ஐப் போடுகிறார். இன்னொருவர், அவருக்குத் தெரியாமல், 500 ரூபாய் கட்டண வரி ஒன்றையும் சேர்க்கிறார். 5,000-இல் 4,500 போய் 500, அதோடு கட்டணம் 500, ஆக மொத்தம் 1,000. கல்லாவில் இருப்பதோ 500. விதியைச் சொல்வது சுலபம்: ரிட்டர்ன் வரியில் எப்போதும் பொருளின் முழுத்தொகை, கட்டணம் எப்போதும் தனி வரி.

முழுத்தொகை என்றதும் இன்னொரு சிக்கல். வாடிக்கையாளர் பத்து சதவீதக் கூப்பன் போட்டு 4,500 ரூபாய்க்கு வாங்கியிருந்தால்? ரிட்டர்ன் வரியில் வரவேண்டியது அவர் கொடுத்த 4,500. விலைப்பட்டியலைப் பார்த்து 5,000 என்று போட்டால், 5,000 மொத்த விற்பனை, 500 தள்ளுபடி, 5,000 ரிட்டர்ன் என்றாகி, திரும்பி வந்த ஒரு கிரைண்டர் நிகர விற்பனையை மைனஸ் 500-க்கு இறக்கிவிடும். தனி ஒரு ஆர்டரின் நிகர விற்பனை மைனஸில் போனால் முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன். கட்டணமும் அப்படித்தான், கொடுத்த விலையில் பத்து சதவீதமான 450 பிடிப்பதே நியாயம். எதன்மேல் சதவீதம் என்பதை விதியிலேயே எழுதிவைத்துவிட்டால் தொலைபேசியில் சண்டை வராது.

பழுதான பொருளுக்கு இந்தக் கட்டணம் பிடிக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதோ, கொடுத்த பணத்தைத் தர மறுப்பதோ கூடாது என்று 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் விற்பவருக்குச் சொல்கின்றன. கல் உடைந்து வந்த கிரைண்டருக்குப் பத்து சதவீதம் பிடித்தால் அது கணக்குப் பிரச்சினையோடு நிற்காது. ஆகவே ரிட்டர்ன் வரியில் காரணத்துக்கும் ஒரு கட்டம் வேண்டும்.

சரி, இப்போது எக்ஸ்சேஞ்சுக்கு வருவோம். இதில்தான் பதிவுகள் அதிகம் கெடுகின்றன.

இன்னொரு வாடிக்கையாளர் சிவப்புக் கிரைண்டர் வாங்கினார். வீட்டுக்கு வந்ததும் நீலம் வேண்டும் என்கிறார். அதே மாடல், அதே விலை. சிவப்பு வருகிறது, நீலம் போகிறது, ஒரு ரூபாய்கூடக் கைமாறவில்லை. நிகர விற்பனை முன்பும் 5,000, இப்போதும் 5,000. நான் சொன்ன அந்தக் கணக்கியல் தரநிலையும் இதை இப்படியே பார்க்கிறது. ஒரே வகை, தரம், நிலை, விலை உள்ள பொருளுக்கு நிறமோ அளவோ மாற்றிக் கொடுத்தால், அதை ரிட்டர்னாகக் கருத வேண்டாம் என்கிறது.

பதிவேட்டில் மட்டும் இது பல வேடங்களில் வரும். பலர் செய்வது, பழைய ஆர்டரை ரிட்டர்ன் என்று முடித்துவிட்டு, நீலத்துக்குப் புது ஆர்டர் போடுவது. மைனஸ் 5,000, பிளஸ் 5,000, நிகரம் சரியாகவே இருக்கும். ஆனால் மொத்த விற்பனை 10,000 என்று வீங்கும். ரிட்டர்ன் 5,000 என்று காட்டும். ஒரு வாடிக்கையாளர் இரண்டு ஆர்டர் கொடுத்தவராகத் தெரிவார். நிகரம் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் அந்த மாதம் கிரைண்டர்கள் ஏன் இவ்வளவு திரும்பி வருகின்றன என்று முதலாளி பட்டறையில் போய்ச் சத்தம் போடுவார், அங்கே ஒரு குறையும் இருக்காது.

அடுத்த வேடம் இன்னும் மோசம். புது ஆர்டருக்குப் பணம் வாங்க வேண்டாம் அல்லவா? அதனால் நூறு சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் போட்டு நீலத்தை அனுப்புவார்கள். மொத்த விற்பனை 5,000, தள்ளுபடி 5,000, அந்த ஆர்டரின் நிகரம் பூஜ்யம். பழைய சிவப்பு ஆர்டரைத் தொடாமல் விட்டால் நிகரம் 5,000 என்று தப்பித்துக்கொள்ளும், தள்ளுபடிச் செலவு மட்டும் பொய்யாக ஏறியிருக்கும். ஆனால் சிவப்பு கிடங்குக்கு வந்து சேர்ந்த அன்று, அங்கிருப்பவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்து அதை ரிட்டர்ன் என்று பதிவார். இப்போது பழைய ஆர்டரும் பூஜ்யம், புது ஆர்டரும் பூஜ்யம். நீலக் கிரைண்டர் வாடிக்கையாளர் வீட்டில் மாவு அரைத்துக்கொண்டிருக்கிறது, 5,000 ரூபாய் வங்கியில் இருக்கிறது, நிகர விற்பனையில் அந்த ஆர்டரே இல்லை. நான் கணக்குப் பார்த்துக் கொடுத்த ஒரு கடையில் விற்பனைக்கும் வங்கிக்கும் வித்தியாசம் வந்துகொண்டே இருந்தது. பேமென்ட் கேட்வே நிறுவனத்தோடு இரண்டு வாரம் மின்னஞ்சல் பரிமாறிய பிறகுதான் காரணம் இந்தக் கூப்பன் என்று தெரிந்தது.

எக்ஸ்சேஞ்சுக்கு ரிட்டர்ன், தள்ளுபடி இரண்டையும் கடன் வாங்காமல் தனி வகை வரிகள் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும்:

```
order  type      sku       qty  amount
1043   sale      GR2-RED    1    5000
1043   exch_in   GR2-RED   -1   -5000
1043   exch_out  GR2-BLUE   1    5000
```

பழைய ஆர்டர் எண்ணே தொடர்கிறது. ஸ்டாக்கில் சிவப்பு ஒன்று கூடுகிறது, நீலம் ஒன்று குறைகிறது. நிகரம் 5,000. ரிட்டர்ன் விகிதம் பார்க்கும்போது `return` வரிகளை மட்டும் எடுத்தால் போதும். நிற மாற்றங்கள் எத்தனை என்று தெரிய வேண்டுமானால் `exch_in`-ஐ எண்ணலாம். சிவப்பு அடிக்கடி நீலமாக மாறுகிறதென்றால் இணையதளத்தில் இருக்கும் படத்தின் நிறத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று புரியும். உங்கள் செயலியில் இப்படி வகை கொடுக்க வழி இல்லையென்றால், புது ஆர்டரில் பழைய எண்ணையும் எக்ஸ்சேஞ்ச் என்ற குறிச்சொல்லையுமாவது போட்டுவையுங்கள்.

விலை வித்தியாசம் வந்தாலும் இதே முறைதான். இரண்டு லிட்டர் போதவில்லை, மூன்று லிட்டர் வேண்டும், அதன் விலை 6,200 என்றால், வாடிக்கையாளர் மேற்கொண்டு 1,200 கொடுப்பார். `exch_in` மைனஸ் 5,000, `exch_out` பிளஸ் 6,200, ஆர்டரின் நிகரம் 6,200. இங்கே சிலர் கைக்கு வந்த பணம் 1,200தானே என்று மூன்று லிட்டர் கிரைண்டரை 1,200 ரூபாய்க்கு விற்றதாகப் பதிவார்கள். ஆர்டரின் மொத்தம் சரியாகவே வரும். மாடல்வாரியாகப் பார்க்கும்போது மட்டும் மூன்று லிட்டரை அடிமாட்டு விலைக்கு விற்றது போல இருக்கும். எதிர்த்திசையில், மூன்று லிட்டர் வாங்கியவர் இரண்டு லிட்டருக்கு இறங்கினால், திருப்பிக் கொடுக்கும் 1,200 மட்டும் பதிவாகிப் பொருள் மாறியது பதிவாகாமல் போவது வழக்கம். கணக்குப் புத்தகத்தில் அது விலை குறைத்துக் கொடுத்தது போலத் தெரியும், ஸ்டாக் இரண்டு மாடலிலும் ஒவ்வொன்று தப்பாக இருக்கும்.

கடன் ரசீது கொடுப்பதை, அதாவது பணத்துக்குப் பதில் அடுத்த முறை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வதை, எக்ஸ்சேஞ்சோடு சேர்க்காதீர்கள். அது முழு ரிட்டர்ன். பொருள் வந்துவிட்டது, நிகர விற்பனை குறைந்துவிட்டது, நாம் அவருக்குத் தர வேண்டிய கடன் 5,000 நிற்கிறது. பிறகு அவர் அதை வைத்து வாங்கும்போது அது பணம் செலுத்தும் ஒரு வழி, ஜிபே போல. அதைத் தள்ளுபடியாகப் பதிந்தால் உண்மையான ஒரு விற்பனை பூஜ்யமாகிவிடும்.

ஒரு மாதத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். 40 இரண்டு லிட்டர் கிரைண்டர்கள் விற்றன, தள்ளுபடி எதுவும் இல்லை. மூன்று திரும்பி வந்தன, ஒவ்வொன்றுக்கும் 500 பிடித்தார்கள். நான்கு நிறம் மாறின. ஒன்று மூன்று லிட்டராக உயர்ந்தது. எக்ஸ்சேஞ்சுக்குக் கட்டணம் இல்லை.

மொத்த விற்பனை 2,00,000. ரிட்டர்ன் 15,000. எக்ஸ்சேஞ்சில் கூடுதல் 1,200. ஆக நிகர விற்பனை 1,86,200. சரிபார்க்க, வாடிக்கையாளர் வீடுகளில் நிற்பதை எண்ணுங்கள்: 36 இரண்டு லிட்டர் 1,80,000, ஒரு மூன்று லிட்டர் 6,200. அதே 1,86,200. தனியாகக் கட்டணம் 1,500. இரண்டும் சேர்ந்து 1,87,700. பணப் பக்கம் பார்த்தால், வந்தது 2,01,200, திருப்பிக் கொடுத்தது மூன்று முறை 4,500, அதாவது 13,500. மிச்சம் 1,87,700. கணக்கு ஒத்துவிட்டது.

இதே மாதத்தை, எக்ஸ்சேஞ்சையெல்லாம் ரிட்டர்ன் பிளஸ் புது ஆர்டர் என்று பதிந்தால் மொத்த விற்பனை 2,26,200 ஆகும், ரிட்டர்ன் 40,000 ஆகும். நிகரம் 1,86,200 என்று மாறாமல் நிற்கும். ஆனால் ரிட்டர்ன் விகிதம் 7.5 சதவீதத்திலிருந்து 17.7-க்குத் தாவிவிடும். கட்டணத்தையும் நிகர விற்பனைக்குள் கரைத்துவிட்டால் அது 1,87,700 என்றாகி, ஒரு கிரைண்டரின் சராசரி விலை 5,032-இலிருந்து 5,073 ஆகும். 41 ரூபாய்தானே என்று தோன்றும். விலை உயர்த்தியதால் வந்த லாபமா என்று யாராவது ஆராயத் தொடங்கும்போது அந்த 41 ரூபாய் நிறைய நேரத்தைத் தின்னும்.

ஷாப்பிஃபை போன்ற செயலியிலிருந்து ஆர்டர் பட்டியலை இறக்கி எக்செலில் கணக்குப் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் `Refunded Amount` என்று ஒரு நெடுவரிசை வரும். `Subtotal`-இலிருந்து அதைக் கழித்தால் நிகர விற்பனை என்று நினைக்கத் தூண்டும். அது திருப்பிக் கொடுத்த பணம். கட்டணம் ஏற்கெனவே கழிந்திருக்கும், வரியையும் கூரியர் தொகையையும் திருப்பிக் கொடுத்திருந்தால் அவையும் அதற்குள்ளேயே கலந்திருக்கும். திரும்பிய பொருளின் வரிகளை வைத்துத்தான் கழிக்க வேண்டும். அதோடு, ரீஃபண்ட் பதிவில் `restock_type` என்று ஒரு புலம் இருக்கும். பெயரைப் பார்த்து அதில் கட்டணம் இருக்கும் என்று தேடாதீர்கள். பொருள் மறுபடி ஸ்டாக்கில் சேர்ந்ததா என்பதை மட்டும் அது சொல்கிறது, `return`, `no_restock` என்று. கட்டணம் பிடித்தும் பொருள் ஸ்டாக்கில் சேராமல் இருக்கலாம், சேர்ந்தும் கட்டணம் இல்லாமல் இருக்கலாம்.

மிச்சம் இருப்பது தேதி. பெரும்பாலான விற்பனை அறிக்கைகள் ரிட்டர்னை, ஆர்டர் வந்த நாளில் கழிக்காமல், ரிட்டர்ன் பதிவான நாளில் கழிக்கும். மார்ச் 20-இல் விற்று ஏப்ரல் 4-இல் திரும்பினால், மார்ச் 5,000 கூடுதலாகவும் ஏப்ரல் 5,000 குறைவாகவும் தெரியும். இது தவறில்லை, ஒரு முறை, அவ்வளவுதான். எக்ஸ்சேஞ்சில்தான் இது விளையாடும். சிவப்புக் கிரைண்டர் மார்ச் 30-இல் கிடங்குக்கு வந்து ரிட்டர்னாகப் பதிவாகி, நீலத்துக்கான புது ஆர்டர் ஏப்ரல் 2-இல் போடப்பட்டால், விற்பனையே மாறாத ஒரு ஆர்டர் மார்ச்சிலிருந்து 5,000-ஐ எடுத்து ஏப்ரலில் போட்டுவிடும். நிதியாண்டு மார்ச் 31-உடன் முடிகிறது என்பதால் அது அடுத்த ஆண்டுக்கே தாவிவிடுகிறது. ஒன்றிரண்டு கிரைண்டருக்கு யாரும் கவலைப்படப் போவதில்லை. ஆனால் தமிழ்ப் புத்தாண்டுக்கு முன்னால் சலுகை விற்பனை நடத்தும் கடையில் மார்ச் கடைசி வாரத்தில் இப்படி நாற்பது, ஐம்பது சேரும். அதனால் மார்ச் 31 மாலை, உள்ளே வந்தும் மாற்றுப்பொருள் இன்னும் போகாத எக்ஸ்சேஞ்சுகளை மட்டும் தனியாகப் பட்டியல் எடுத்து ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.